டார்ச்சும் பந்தும்: ஆறு வயதுக் குழந்தைக்குப் பகலும் இரவும்

பூமியின் ஒரு பாதி எப்போதும் சூரிய ஒளியில் இருக்கிறது. மறுபாதி எப்போதும் இருளில் இருக்கிறது. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் ஒவ்வோர் ஊரும் ஒளிப் பாதிக்குள் வருகிறது, பிறகு இருள் பாதிக்குள் போகிறது. ஓர் ஊர் மீண்டும் சூரியனுக்கு நேராக வந்து நிற்க 24 மணி நேரம் ஆகிறது. பகல், இரவு பற்றிப் பெரியவர்களுக்குச் சொல்ல இவ்வளவு போதும். ஆறு வயதுக் குழந்தைக்கு இது போதாது. ஜன்னல் வழியே பார்த்தால் தரை தட்டையாகக் கிடக்கிறது, நாம் அசையாமல் நிற்கிறோம், நகர்வது சூரியன்தான். கண் சொல்வதற்கு நேர்மாறான ஒன்றைக் குழந்தை நம்ப வேண்டியிருக்கிறது. அதற்கு உதவும் எளிய கருவிகள் ஒரு டார்ச்சும் ஒரு பந்தும்.

குழந்தைகளின் சொந்த விளக்கங்கள்

பாடம் தொடங்கும்போது குழந்தையின் மனம் வெற்றுப் பலகையாக இருப்பதில்லை. ஸ்டெல்லா வோஸ்னியாடோ, வில்லியம் புரூவர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒன்று, மூன்று, ஐந்தாம் வகுப்புகளைச் சேர்ந்த 60 குழந்தைகளிடம் இரவு எப்படி வருகிறது என்று கேட்டு, 1994-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டனர். சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுகிறது, மேகம் மூடிக்கொள்கிறது என்பன போன்ற விடைகள் சின்ன வகுப்புகளில் அதிகமாக வந்தன. கொஞ்சம் வளர்ந்த குழந்தைகள், பெரியவர்கள் சொன்னதையும் தாங்கள் நினைத்ததையும் கலந்து புது விளக்கங்களை உண்டாக்கியிருந்தனர். பூமி உருண்டைதான், ஆனால் சூரியன் அதன் அடிப்பக்கம் போகிறது, அந்த இடத்துக்கு நிலா மேலே வருகிறது என்பது அவற்றில் ஒன்று.

நம் வகுப்பறைகளிலும் இதே விடைகளை எதிர்பார்க்கலாம். அதனால் பாடத்தின் முதல் ஐந்து நிமிடம் கேட்பதற்கு மட்டுமே. “ராத்திரி ஆனா சூரியன் எங்க போகுது?” என்று ஆசிரியர் கேட்டு, வரும் விடைகளைத் திருத்தாமல் கரும்பலகையில் சின்னச் சின்னப் படங்களாக வரைந்து வைக்கலாம்: மலைக்குப் பின்னால் ஒரு சூரியன், மேகத்துக்குள் ஒரு சூரியன், கடலுக்குள் ஒரு சூரியன். கடைசியில் திரும்பிப் பார்த்து எது நிற்கிறது, எது விழுகிறது என்று சோதிக்க அந்தப் படங்கள் வேண்டும்.

பூமி உருண்டை என்பது வகுப்புக்கு முன்பே ஓரளவு பழகியிருக்க வேண்டும். 1968 டிசம்பர் 24-ஆம் தேதி அப்போலோ 8 விண்கலத்திலிருந்து வில்லியம் ஆண்டர்ஸ் எடுத்த படம் இதற்கு மிகவும் பொருத்தமானது. நிலவின் தரைக்கு மேலே தெரியும் பூமியின் ஒரு பகுதி வெளிச்சமாகவும், மிச்சம் இருளில் கரைந்தும் இருக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் பந்தில் தெரியப்போவதும் அதே காட்சிதான்.

பந்து, டார்ச், இருட்டு

பந்து குறைந்தது 15 முதல் 20 செ.மீ. குறுக்களவு உள்ளதாக இருந்தால்தான் கடைசி வரிசைக்கும் தெரியும். மேற்பரப்பு மங்கலாக, ஒரே வெளிர் நிறத்தில் இருக்க வேண்டும். பளபளக்கும் பிளாஸ்டிக் பந்தில் டார்ச் ஒளி ஒரே ஒரு வெள்ளைப் புள்ளியாகப் பளிச்சிடும். குழந்தைகள் அந்தப் புள்ளியைத்தான் பகல் என்று எண்ணுவார்கள். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கால்பந்தும் ஆகாது, அதில் எது நிறம், எது நிழல் என்று பிரிக்க முடியாது. கிடைக்கும் பந்தின் மேல் வெள்ளைத் தாளைச் சின்னத் துண்டுகளாகக் கிழித்துப் பசையால் ஒட்டிக் காயவைத்தால் தேவையான பரப்பு கிடைத்துவிடும். பந்தை ஒரு டம்ளரின் வாயில் உட்கார வைத்தால் அது உருளாது. உச்சியில் விரல்களை வைத்துத் திருப்பலாம்.

டார்ச், ஒளியைக் குவித்து அனுப்புவதாக இருக்க வேண்டும். செல்போன் விளக்கின் ஒளி அறை முழுக்கப் பரவி, சுவரில் பட்டுத் திரும்பி, பந்தின் பின்பக்கத்தையும் வெளுக்கச் செய்துவிடும். அதைத் தவிர வேறு இல்லையென்றால், சார்ட் அட்டையைக் குழாயாகச் சுருட்டி விளக்கின் முன் பொருத்தலாம். டார்ச்சைப் பந்தின் உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் வைத்துவிட வேண்டும். யாரும் அதைக் கையில் பிடிக்கக் கூடாது. இதற்கான காரணம் பின்னால் வருகிறது.

அறையை முழு இருட்டாக்கத் தேவையில்லை. ஜன்னல்களைப் போர்வையால் மூடி, பந்துக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் போதும். தயார்நிலையை ஒரு சோதனையில் அறியலாம்: பந்தின் வெளிச்சப் பகுதியும் இருட்டுப் பகுதியும் சந்திக்கும் கோடு கடைசி வரிசையில் இருக்கும் குழந்தைக்குத் தெரிகிறதா? தெரியாவிட்டால் அன்றைய பாடத்தில் பாதி வீண்.

குழந்தைகள் டார்ச் தங்களுக்கு இடப்பக்கம் இருக்கும்படி உட்கார வேண்டும். அப்போதுதான் அவர்களுக்குப் பந்தின் வெளிச்சப் பாதியும் இருட்டுப் பாதியும் ஒன்றாகத் தெரியும். டார்ச்சுக்குப் பின்னால் உட்கார்ந்தால் வெளிச்சம் மட்டுமே தெரியும்.

முதலில் அசையாத பந்து

டார்ச்சைப் போட்டதும் பந்தைத் திருப்ப வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் வரும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும். அசையாத பந்தில் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. டார்ச் எரிந்துகொண்டே இருக்கும்போதும் பந்தின் பாதி இருட்டாக இருக்கிறது. குழந்தைகளை ஐந்தைந்து பேராகப் பந்தைச் சுற்றி நடக்கவிட்டு இதைக் கண்ணால் பார்க்கச் செய்ய வேண்டும். இரவு வர சூரியன் அணைய வேண்டியதில்லை, மூடப்பட வேண்டியதில்லை, எங்கும் போக வேண்டியதில்லை. பந்தின் சொந்த உடலே ஒளியை மறைத்து அதன் முதுகை இருட்டாக்குகிறது. இந்த ஒரு செய்தி பிடிபட்டால், அடுத்த படி எளிது.

இப்போது ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, பந்தின் நடுக்கோட்டுக்கு இரண்டு, மூன்று செ.மீ. மேலே ஒட்ட வேண்டும். அது “நம்ம ஊர்”. தமிழ்நாடு பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே இருப்பதால் அந்த இடம் சரியானது. அதற்கு நேர் பின்பக்கம், ஏறக்குறைய அதே உயரத்தில், ஒரு பச்சைப் பொட்டு. அது மெக்சிகோ நகரம். சென்னைக்கும் மெக்சிகோ நகரத்துக்கும் இடையே பூமி உருண்டையில் கிட்டத்தட்ட அரைச் சுற்று தூரம் இருக்கிறது. சென்னையில் நண்பகல் 12 மணி ஆகும்போது அங்கே நள்ளிரவு 12.30.

இருபத்து நான்கு எண்ணும் சுழற்சி

பந்தை எந்தப் பக்கம் திருப்புவது என்பது முக்கியம். மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. எதிரே உட்கார்ந்து பார்ப்பவருக்கு இடமிருந்து வலம். அதுவே மேற்கிலிருந்து கிழக்காகப் பூமி சுழலும் திசை. மாற்றித் திருப்பினால் சூரியன் மேற்கில் உதிப்பதாக ஆகிவிடும்.

சிவப்புப் பொட்டு டார்ச்சுக்கு நேராக இருக்கும் நிலையில் தொடங்கலாம். நம் ஊரில் நண்பகல். ஒரு விநாடிக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில், குழந்தைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண, பந்து மெல்லத் திரும்புகிறது. ஆறு எண்ணியதும் நிறுத்தம். பொட்டு குழந்தைகளுக்கு நேரெதிரே, வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டில் நிற்கிறது.

“இப்போ நம்ம ஊர்ல என்ன நேரம்?”

“சாயங்காலம், டீச்சர்!”

“டார்ச்சை அணைச்சோமா?”

“இல்ல!”

“அப்புறம் எப்படி இருட்டப் போகுது?”

இந்த மூன்றாவது கேள்விக்குப் பிறகு ஆசிரியர் பேசாமல் காத்திருக்க வேண்டும். “பந்து திரும்புது”, “நம்ம ஊரு அந்தப் பக்கம் போகுது” என்ற விடை குழந்தைகளிடமிருந்தே வந்தால் நல்லது. பன்னிரண்டு எண்ணும்போது சிவப்புப் பொட்டு இருட்டின் நடுவில். பச்சைப் பொட்டு டார்ச்சுக்கு நேராக. நாம் தூங்கும்போது மெக்சிகோ குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பது இங்கே புரிகிறது. பதினெட்டில் பொட்டு மறுபக்கக் கோட்டைத் தொடுகிறது, அது காலை. அந்த இடத்தைப் பார்க்கக் குழந்தைகள் எழுந்து அந்தப் பக்கம் வர வேண்டும். இருபத்து நான்கில் பொட்டு தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். இதை இரண்டு, மூன்று முறை செய்து, பிறகு குழந்தைகளையே ஒவ்வொருவராகத் திருப்பச் சொல்லலாம்.

குழந்தையே பூமியாக

பந்தைப் பார்க்கும் குழந்தை வெளியிலிருந்து பார்க்கிறது. நாம் அந்தப் பந்தின் மேல் இருப்பதால் நமக்கு எப்படித் தெரிகிறது என்பது அதில் வராது. அதற்கு ஒரு குழந்தையை எழுப்பி, நெஞ்சில் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டி, டார்ச்சின் எதிரே நிறுத்த வேண்டும். நெஞ்சுதான் நம் ஊர், இடது கை கிழக்கு, வலது கை மேற்கு. டார்ச் நெஞ்சு உயரத்துக்குத் தாழ்வாக இருக்க வேண்டும், எல்.இ.டி. ஒளி நேராகக் கண்ணில் படக் கூடாது. வெயிலில் சூரியனை வெறும் கண்ணால் உற்றுப் பார்க்கக் கூடாது என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம்.

குழந்தை தன் இடப்பக்கமாக மெல்லத் திரும்ப வேண்டும். முதுகு டார்ச்சுக்குக் காட்டியிருக்கும்போது ஒளி தெரியாது, அது இரவு. இன்னும் திரும்பினால் இடது கைப் பக்கம், அதாவது கிழக்கில், ஒளி எட்டிப் பார்க்கும். நேராக வரும், பிறகு வலது கைப் பக்கம் போய் மறையும். டார்ச் இருந்த இடத்திலேயே இருக்க, திரும்பிய குழந்தைக்கு அது கிழக்கிலிருந்து மேற்கே போனதுபோல் தெரிகிறது. ஆரியபட்டர் கி.பி. 499-ஐ ஒட்டி எழுதிய ஆரியபட்டீயம் என்ற நூலில் இதையே படகை வைத்து விளக்கினார்: முன்னோக்கிப் போகும் படகில் இருப்பவருக்குக் கரையில் அசையாமல் நிற்பவை பின்னோக்கிப் போவதாகத் தெரியும், அப்படித்தான் வானத்து மீன்களும் மேற்கே போவதாகத் தெரிகின்றன.

பிசகும் இடங்கள்

மிக அதிகமாக நடக்கும் பிழை, பந்தை வைத்துவிட்டு டார்ச்சைச் சுற்றிக் கொண்டுபோவது. பந்தில் பகலும் இரவும் அப்படியே மாறி மாறி வரும். பார்ப்பதற்குப் பாடம் வெற்றிதான். ஆனால் குழந்தை கற்றுக்கொண்டது, சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்ற அதன் பழைய எண்ணத்தைத்தான். டார்ச்சை மேஜையில் பொருத்தி வைப்பது இதற்காகவே.

இரண்டாவது பிழை, பந்தைத் திருப்பிக்கொண்டே டார்ச்சையும் சுற்றிவருவது. பூமி சூரியனைச் சுற்றிவர ஓர் ஆண்டு ஆகிறது; பகல் இரவுக்கு அது காரணம் இல்லை. இரண்டு அசைவுகளையும் ஒரே வகுப்பில் காட்டினால், “பூமி சூரியனைச் சுற்றுது, அதனால ராத்திரி வருது” என்ற கலப்பு விடை வரும். சில பெரியவர்களும் இதைச் சொல்வதுண்டு. ‘சுற்றுகிறது’ என்ற சொல் இரண்டுக்கும் பொதுவாக இருப்பது குழப்பத்தைக் கூட்டும். ஒன்றாம் வகுப்பில் ‘திரும்புகிறது’ என்று சொல்வதே பாதுகாப்பு.

மூன்றாவது, நிலா. பகலுக்குச் சூரியன், இரவுக்கு நிலா என்று படப் புத்தகங்கள் ஜோடி சேர்த்து வைத்திருப்பதால், நிலாதான் இரவைக் கொண்டுவருகிறது என்று குழந்தைகள் நினைக்கிறார்கள். இதைக் கலைக்க டார்ச் வேண்டாம், வானமே போதும். அமாவாசை அன்று நிலா தெரிவதில்லை, இரவு மட்டும் வழக்கம்போல் வருகிறது. வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய நாட்களில், மேகம் இல்லாவிட்டால், பள்ளி விடும் நான்கு மணிக்கே நிலா வானத்தில் தெரியும். அதைக் குழந்தைகளே பார்த்துவிட்டால், நிலாவுக்கும் இரவுக்கும் இருந்த ஜோடி பிரிந்துவிடும்.

படமும் வாக்கியமும்

செயல்விளக்கம் முடிந்த அன்றே படப் பணியையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஏ4 தாளைக் குறுக்கே மடித்து இரண்டு பாதியாக்கி, ஒவ்வொரு பாதியிலும் டப்பா மூடியை வைத்து ஒரு வட்டம் வரையலாம். ஆறு வயதில் கையால் வட்டம் வரைவதே பெரிய வேலை. மூடி இல்லாவிட்டால் நேரமெல்லாம் அதற்கே போய்விடும்.

பணி இதுதான். இரண்டு பாதிகளிலும் வட்டத்துக்கு இடப்பக்கம் சூரியனை வரைய வேண்டும். வட்டத்தின் எந்தப் பாதி இருட்டு என்று யோசித்து அதைக் கறுப்பாகத் தீட்ட வேண்டும். முதல் படத்தில் நம் ஊரில் பகலாக இருக்கும்படி சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். இரண்டாவதில் நம் ஊரில் இரவாக இருக்கும்படி. சரியாகச் செய்தால் இரண்டு படங்களிலும் சூரியன் ஒரே இடத்தில் இருக்கும், கறுப்புப் பாதியும் ஒரே பக்கம் இருக்கும். புள்ளி மட்டும்தான் இடம் மாறியிருக்கும். பாடத்தின் சாரம் முழுவதும் அந்த இடமாற்றத்தில் இருக்கிறது.

படத்துக்குக் கீழே வாக்கியங்கள். பகல், இரவு, சூரியன், பூமி, ஊர், ஒளி என்ற ஆறு சொற்களைக் கரும்பலகையில் எழுதி வைக்கலாம். முதல் இரண்டு வாக்கியங்கள் பாதி எழுதித் தரப்பட்டவை:

எங்கள் ஊரில் சூரிய ஒளி படுகிறது. இப்போது ________.

எங்கள் ஊரில் சூரிய ஒளி படவில்லை. இப்போது ________.

மூன்றாவது, குழந்தையின் சொந்த வாக்கியம்:

________________. அதனால் இரவு வருகிறது.

முதல் இரண்டையும் கரும்பலகையைப் பார்த்தே நிரப்பிவிடலாம்; அவை எழுத்துப் பயிற்சிக்கு உதவும். குழந்தை என்ன புரிந்துகொண்டது என்பது மூன்றாவதில்தான் தெரியும். எழுதுவதற்கு முன் அதை வாயால் சொல்ல வைக்க வேண்டும். எழுத வராத குழந்தை சொல்வதை ஆசிரியர் எழுதித் தரலாம், குழந்தை பார்த்து எழுதட்டும். “நம்ம ஊரு அந்தப் பக்கம் போச்சு” என்று பேச்சு வழக்கில் வந்தாலும் அது சரியான விடை. பூமிக்குக் குறில் போட்டு ‘புமி’ என்றும், இரவை ‘இறவு’ என்றும் எழுதியிருந்தால், கருத்தைப் பாராட்டிய பிறகு தனியாகத் திருத்தலாம்.

படத்தில் எதைப் பார்ப்பது

ஒரு குழந்தையின் தாள் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் படத்தில் எல்லாம் சரி. இரண்டாவது படத்தில் சூரியனை வரைந்து அதன் மேல் கறுப்பு மேகம் தீட்டியிருக்கிறது. சிவப்புப் புள்ளி முதல் படத்தில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வாக்கியம்: “சூரியன் மறஞ்சிடுச்சு. அதனால் இரவு வருகிறது.” இந்தக் குழந்தை பந்தைப் பார்த்தது, ஆனால் பந்து திரும்பியதை இரவோடு சேர்க்கவில்லை. இதற்கு நீண்ட விளக்கம் உதவாது. பந்தையும் டார்ச்சையும் மறுபடி எடுத்து, “உன் படத்தில இருக்கிற மாதிரி செஞ்சு காட்டு” என்று குழந்தையிடமே கொடுக்க வேண்டும். மேகத்துக்காக ஒரு துணியை டார்ச்சின் மேல் போட்டால் இரண்டு பொட்டுகளும் ஒன்றாக இருட்டாகும். அப்போது மெக்சிகோவில் எப்படிப் பகல் இருக்கும் என்ற கேள்வி, குழந்தையைத் தன் படத்தை மாற்ற வைக்கும்.

வேறு அடையாளங்களும் உண்டு. சூரியன் பக்கத்துப் பாதியைக் கறுப்பாகத் தீட்டியிருந்தால் கவனக்குறைவாக இருக்கலாம். ஒரு கேள்வியில் தெரிந்துவிடும். இரண்டாவது படத்தில் சூரியனை வலப்பக்கம் மாற்றி வரைந்திருந்தால், சூரியன் நகர்கிறது என்ற எண்ணம் இன்னும் உறுதியாக இருக்கிறது. ஒரு வாரம் கழித்து டார்ச்சும் பந்தும் இல்லாமல் அதே படத்தை மறுபடி வரையச் சொல்வது நல்ல சோதனை. அன்று சரியாக வரைந்த சிலர் பழைய மலைக்கும் மேகத்துக்கும் திரும்பியிருப்பார்கள். அவர்களுக்கு இன்னொரு முறை செய்துகாட்ட வேண்டும்.

பந்து காட்டாதவை

இந்த மாதிரியில் அளவு எதுவும் உண்மை இல்லை. 20 செ.மீ. பந்து பூமி என்றால், சூரியன் ஏறக்குறைய 22 மீட்டர் குறுக்களவில், அதாவது ஏழு மாடிக் கட்டடம் அளவுக்கு, சுமார் இரண்டே கால் கி.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். “நிஜத்தில சூரியன் ரொம்பப் பெரிசு, ரொம்ப ரொம்பத் தூரம்” என்று ஒரு வரி சொன்னால் இந்த வயதுக்குப் போதும். பந்தைச் சுற்றிக் காற்று இல்லாததால் விடியலின் மங்கல் வெளிச்சமும் அந்தி நேரமும் இதில் வராது.

பூமியின் அச்சு சாய்ந்திருப்பதையும் இந்தப் பந்து காட்டுவதில்லை. நிமிர்ந்து நிற்கும் பந்தில் பகலும் இரவும் சமம். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலும் மிகக் குறுகிய பகலும் பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள்தான் வேறுபடுகின்றன. அதனால் தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கு இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. அச்சின் சாய்வு, பருவ காலங்கள், நிலவின் வளர்பிறை தேய்பிறை ஆகிய மூன்றையும் மேல் வகுப்புகளுக்கு விட்டுவிடலாம். ஒன்றாம் வகுப்பில், சூரியன் இருந்த இடத்தில் இருக்க நம் ஊர்தான் திரும்புகிறது என்பதை ஒரு குழந்தை படத்தில் புள்ளியை மாற்றி வைத்துக் காட்டினால், பாடம் முடிந்தது என்று கொள்ளலாம்.